கோனா, கவாய் ஆன கதை

*நம்மூர்ப் பெயர்ப்பலகையில் பளிச்சென்று இருக்கும் பெயர், கடல் கடந்ததும் வசைச்சொல் ஆகலாம். அச்சுக்குப் போகும் முன்பே அதைக் கண்டுபிடிப்பது எப்படி?*

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் கொஞ்ச நேரம் நின்றால், கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்களைப் பார்க்கலாம். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனால் ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களோ சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருக்கின்றன. பெரிய கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் பாகத்தில் அந்தக் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். அதே ஆட்கள் சொந்தப் பெயரில் பெட்டி அச்சடித்து கென்யாவுக்கோ மலேசியாவுக்கோ பிரேசிலுக்கோ அனுப்பத் தொடங்கும்போதுதான் புதுக் கேள்வி ஒன்று வருகிறது: இந்தப் பெயருக்கு அந்த ஊரில் என்ன அர்த்தம்?

இதற்குப் பாடம் படிக்க வெகுதூரம் போக வேண்டாம். 2019 ஜூலையில் இந்தியச் சந்தைக்கு வந்த ஹூண்டாய் 'கோனா எலெக்ட்ரிக்' கார் இருங்காட்டுக்கோட்டையில்தான் பூட்டப்பட்டது. இங்கே அந்தப் பெயரால் யாருக்கும் சங்கடம் இல்லை. இந்திக்காரர் காதில் 'கோனா' என்றால் மூலை, அவ்வளவுதான். ஆனால் உலகத்தின் ஒரு மூலையில் அந்தப் பெயரின் அர்த்தத்தாலேயே அந்தக் காரை அப்பெயரில் விற்க ஹூண்டாய்க்கு வழியில்லாமல் போனது. அது போர்ச்சுகல்.

நான்கு எழுத்து, நான்கு அர்த்தம்

தன் எஸ்.யூ.வி. கார்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பது ஹூண்டாயின் வழக்கம். சாண்டா ஃபே, டூசான் இரண்டும் அமெரிக்க நகரங்கள். அந்த வரிசையில் 2017-ல் வந்த சின்ன எஸ்.யூ.வி.க்கு ஹவாய் தீவுகளில் காப்பிக்குப் பேர்போன 'கோனா' பகுதியின் பெயரை வைத்தார்கள். கேட்க இதமாக இருக்கிறது, ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, எந்த நாட்டுக்காரருக்கும் வாயில் நுழையும். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

போர்ச்சுகீசிய மொழியில் அதே ஒலி, பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். அவர்கள் எழுதும்போது 'கே' போடுவதில்லை, 'சி' போடுகிறார்கள். எழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் 'இது வேறு, அது வேறு' என்று தேறுதல் அடையலாம். ஆனால் விளம்பரத்தில் பெயர் காதில்தான் விழுகிறது. ஷோரூமில் நிற்கும் விற்பனையாளர் வாயால்தான் சொல்ல வேண்டும். அவர் ஒரு குடும்பத்தைப் பார்த்து 'உங்களுக்குக் கோனா பிடித்திருக்கிறதா?' என்று கேட்கும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பெயர்ச் சோதனையை எழுத்தோடு நிறுத்தாமல் காதுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஹூண்டாய் எடுத்த முடிவும் கவனிக்கத்தக்கது. போர்ச்சுகலுக்கு மட்டும் காரின் பெயர் 'கவாய்' ஆனது. அதுவும் ஹவாய் தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஒரு தீவின் பெயர்தான். கடல், தீவு, விடுமுறை என்று விளம்பரத்துக்குப் போட்டிருந்த கற்பனையை மாற்ற வேண்டியதில்லை. பின்கதவில் ஒட்டும் பேட்ஜும் அச்சடித்த தாள்களும்தான் மாறின. மாற்றுப் பெயரை அதே வரைபடத்திலிருந்து எடுத்தது கெட்டிக்காரத்தனம்.

இதே பெயரை மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயத்தின் நெளிவுசுளிவு புரியும். போலந்து மொழியில் 'கோனா' என்றால் 'உயிர் போய்க்கொண்டிருக்கிறது' என்று பொருள். ஒரு காருக்கு இது நல்ல சகுனம் இல்லைதான். ஆனாலும் போலந்தில் கோனா, கோனாவாகவே விற்றது. ஐஸ்லாந்து மொழியில் அது 'பெண்' என்ற சாதாரணச் சொல், யாருக்கும் உறுத்தாது. ஸ்பெயினின் வடமேற்கே கலீசியாவில் பேசும் மொழி போர்ச்சுகீசியத்தின் உடன்பிறப்பு. அங்கேயும் அந்தக் கொச்சைச் சொல் உண்டு. ஆனால் ஸ்பெயின் முழுக்கப் புழங்கும் காஸ்டிலிய ஸ்பானியத்தில் அந்த ஒலி இல்லை என்பதால் அங்கே பெயரை மாற்றவில்லை. பிரேசிலில் பேசுவதும் போர்ச்சுகீசியம்தான். ஆனால் அந்தச் சொல் ஐரோப்பியப் போர்ச்சுகீசியத்தில் இருக்கும் அளவுக்கு அங்கே புழக்கத்தில் இல்லை. அங்கும் கோனா கோனாதான்.

ஆக, ஒரு மொழியில் கெட்ட அர்த்தம் இருக்கிறது என்பது மட்டும் பெயரை மாற்றப் போதிய காரணம் ஆகாது. எவ்வளவு கெட்டது, நம் பொருளை வாங்குகிறவர் வாயில் அந்தச் சொல் எவ்வளவு புழங்குகிறது, அவர் அதை நான்கு பேர் முன்னால் சொல்லக் கூசுவாரா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சாவைப் பற்றிய வார்த்தை ஒரு வேடிக்கைப் பேச்சோடு போய்விடும். உறுப்பைக் குறிக்கும் கொச்சை அப்படிப் போகாது.

அகராதி காப்பாற்றாது

'அகராதியைப் புரட்டினால் தெரிந்துவிடுமே' என்று தோன்றும். பஜெரோவின் கதை அதற்குப் பதில். இந்த வண்டியும் நம் பகுதிக்குப் பழக்கமானதுதான். திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை மிட்சுபிஷியோடு சேர்ந்து லான்சர், பஜெரோ வண்டிகளை உருவாக்கியது.

தென் அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் ஒரு காட்டுப்பூனையின் பெயரிலிருந்து மிட்சுபிஷி இந்தப் பெயரை எடுத்தது. ஸ்பானிய மொழியில் 'பாஹா' என்றால் வைக்கோல், காய்ந்த புல். புல்லுக்குள் வாழும் பூனை என்பதால் அந்தப் பெயர். ஆகவே விலங்கியல் புத்தகத்தைப் புரட்டினாலும் சரி, பழைய அகராதியைப் புரட்டினாலும் சரி, கிடைப்பது நல்ல அர்த்தம்தான். தெருவில் பேசும் ஸ்பானியத்தில் அதே சொல், சுயஇன்பம் செய்பவனைத் திட்டும் வசை. வண்டி ஸ்பெயினிலும் ஸ்பானியம் பேசும் அமெரிக்க நாடுகளிலும் 'மொன்டேரோ' என்ற பெயரில் விற்றது. மொன்டேரோ என்றால் மலைக்காட்டு வேட்டைக்காரர். பிரிட்டனில் அதற்கு 'ஷோகன்' என்று பெயர்.

அகராதி ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்லும். டீக்கடையில் அந்தச் சொல் என்ன பாடுபடுகிறது என்பதைப் பல நேரம் சொல்லாது. அதைச் சொல்ல அந்த ஊரில் இன்றைக்கு வாழும் ஆள் வேண்டும். இருபது வருடங்களுக்கு முன்பே ஊரைவிட்டு வந்துவிட்ட மொழிபெயர்ப்பாளருக்குக்கூட இன்றைய கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சு தெரியாமல் போகலாம்.

சில பெயர்களை எந்தச் சோதனையும் முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காது. டாட்டா மோட்டார்ஸ் தன் சின்னக் காருக்கு 'ஜிகா' என்று பெயர் வைத்து 2015 டிசம்பரில் அறிமுகம் செய்தது. அப்போது அது துறுதுறுப்பான பெயர். தென் அமெரிக்காவில் ஏற்கெனவே பரவிவந்த ஜிகா வைரஸ் சில வாரங்களில் உலகச் செய்தியாகி, 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. உடனே பெயரை மாற்றுவதாக டாட்டா சொன்னது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அந்த மாதமே 'டியாகோ' என்று புதுப்பெயர் சூட்டி, ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் விற்பனைக்கு வரும் முன்பே நோய் செய்தியானதால் அந்த அளவோடு தப்பியது. கையிருப்பில் இரண்டு மூன்று மாற்றுப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

சட்டமும் குறுக்கே வரும்

'ஜனங்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நான் விற்றுக்கொள்கிறேன்' என்று துணிபவரையும் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு: ட்ரேட்மார்க் அலுவலகம். நம் நாட்டிலேயே 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, ஆபாசமான பெயர்களைப் பதியக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி இன்னும் கடுமை. மொத்த ஒன்றியத்துக்கும் சேர்த்து ஒரே பதிவு வாங்குவதாக இருந்தால், அதன் ஏதேனும் ஒரு பகுதியில் பெயர் ஒழுக்கத்துக்கு ஒவ்வாததாக இருந்தாலே போதும், விண்ணப்பம் முழுக்க நிராகரிக்கப்படும்.

இது வெறும் ஏட்டு விதி இல்லை. ஜெர்மனியின் பிரெய்ன்லேப் என்ற மருத்துவக் கருவி நிறுவனம் 'கர்வ்' என்ற ஆங்கிலச் சொல்லை ஐரோப்பா முழுக்கப் பதிய முயன்றது. ஆங்கிலத்தில் வளைவு என்று பொருள்படும் சாதுவான சொல். அதே எழுத்துகளை ருமேனியர் படித்தால் 'கூர்வே' என்று வரும். விலைமாதரைக் குறிக்கும் பன்மை வசைச்சொல். அலுவலகம் மறுத்தது. நிறுவனம் வழக்குக்குப் போனது. 2014-ல் ஐரோப்பியப் பொது நீதிமன்றமும் மறுப்பு சரியே என்றது. வாங்குபவர்கள் மருத்துவமனைகள், அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் என்பதெல்லாம் பெயரைக் காப்பாற்றவில்லை.

இங்கே கோனாவுக்கு நேர்மாறான பாடம் இருக்கிறது. கோனாவில் எழுத்து வேறு, ஒலி ஒன்று. கர்வில் ஒலி வேறு, எழுத்து ஒன்று. ஆகவே பெயரைக் கேட்கவும் வைக்க வேண்டும், படிக்கவும் வைக்க வேண்டும்.

அர்த்தத்தில் ஒரு குறையும் இல்லாமலேயே பெயர் மாறுவதும் உண்டு. நம் தடத்தில் உருவாகும் ராயல் என்ஃபீல்டின் 'இன்டர்செப்டர் 650' பைக், அமெரிக்காவில் 'ஐ.என்.டி. 650' என்ற பெயரில் விற்கிறது. அங்கே இன்டர்செப்டர் என்ற பெயரின் உரிமை ஹோண்டாவிடம் இருக்கிறது. பெயர்ச் சோதனையும் உரிமைத் தேடலும் தனித்தனி வேலைகள். ஒன்றில் தேறியது மற்றொன்றில் விழலாம்.

பயமுறுத்தும் கட்டுக்கதை

மறுபக்கமும் பார்த்துவிடுவோம். மேலாண்மை வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: ஜெனரல் மோட்டார்ஸின் 'நோவா' கார் தென் அமெரிக்காவில் விற்கவில்லை, ஏனென்றால் ஸ்பானியத்தில் 'நோ வா' என்றால் 'ஓடாது' என்று அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது; உண்மை இல்லை. நோவா கார் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்சிகோ அரசின் பெட்ரோல் நிறுவனமே ஒரு காலத்தில் 'நோவா' என்ற பெயரில் பெட்ரோல் விற்றது. 'நோவா' என்று சேர்த்துச் சொல்லும்போது அழுத்தம் முதலெழுத்தில் விழுகிறது. 'நோ வா' என்றால் இரண்டாவதில். 'பலகை' என்று கேட்டதும் நாம் 'பல கை' என்று நினைப்பதில்லையே, அதைப் போலத்தான்.

இந்தக் கதை ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்றால், சொல்லைத் துண்டு போட்டுப் பார்த்தால் எந்தப் பெயரிலும் ஏதாவது ஒரு மொழியில் ஒரு கெட்ட துண்டு அகப்பட்டுவிடும். அதற்கெல்லாம் பயந்தால் பெயரே வைக்க முடியாது. இயல்பாகப் பேசும்போது அந்த ஊர்க்காரர் காதில் கெட்ட அர்த்தம் தானாக விழுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

மதி, வெற்றி, ஜெயா: ஒரு ஒத்திகை

பேச்சை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஓர் உதாரணத்துக்கு, இந்தப் பகுதியில் இன்ஜின் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று சொந்தப் பெயரில் ஏற்றுமதி செய்யப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று பெயர்: மதி, வெற்றி, ஜெயா. போக நினைக்கும் நாடுகள்: மலேசியா, இத்தாலி, ஜெர்மனி, கென்யா.

முதல் வேலை, நாட்டுப் பட்டியலை மொழிப் பட்டியலாக மாற்றுவது. மலேசியா என்றால் மலாய் மட்டும் போதாது. சீன மொழிகளும் தமிழும் உண்டு. கென்யா என்றால் சுவாஹிலி, ஆங்கிலம்.

அடுத்து, பெட்டியில் அச்சாகப் போகிற மாதிரியே ஆங்கில எழுத்தில் பெயரை எழுதி, படம் எடுத்து, அந்தந்த ஊரில் இருக்கும் ஆட்களுக்கு அனுப்ப வேண்டும். எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முதலில் சொல்லவே கூடாது. அவர்களே வாய்விட்டுப் படித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். 'ஜெயா'வை ஆங்கிலத்தில் 'ஜே' போட்டு எழுதினால் மலேசியர் 'ஜெயா' என்பார், ஜெர்மானியர் 'யெயா' என்பார். பெட்டி ஒன்று, பெயர் இரண்டு. அது தெரிந்த பிறகு நம் உச்சரிப்பை அனுப்பி மறுபடி கேட்கலாம்.

மூன்றாவது, கேள்வி கேட்கும் விதம். 'இந்தப் பெயர் கெட்டதா?' என்று கேட்டால் மரியாதை தெரிந்தவர் 'இல்லை சார், நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார். 'இதைக் கேட்டதும் முதலில் என்ன நினைவுக்கு வருகிறது? கடையில் நாலு பேர் நிற்கும்போது சத்தமாகக் கேட்டு வாங்குவீர்களா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை எப்படித் திரித்துக் கிண்டல் செய்வார்கள்? இந்தப் பெயரில் நோய், கட்சி, ஆள், கம்பெனி ஏதாவது உண்டா?' என்று கேட்க வேண்டும். ஒரு மொழிக்கு ஒருவரை நம்பக் கூடாது. கடைக்காரர், மெக்கானிக், கல்லூரி மாணவர், வீட்டில் இருக்கும் பெரியவர் என்று ஐந்தாறு பேரையாவது தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டமாகக் கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிவார்.

இப்போது பதில்களைப் பார்ப்போம். 'வெற்றி'யை ஆங்கில எழுத்தில் எழுதினால் இத்தாலியரின் கண்ணுக்குக் கண்ணாடிகள் என்று தெரியும். வசை இல்லை. வைப்பருக்கோ ஜன்னல் பாகத்துக்கோ வைத்தால் பொருத்தமாகவே இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் பாகத்துக்கு உடையும் பொருளின் பெயர் கொஞ்சம் இடிக்கும். மஞ்சள் விளக்கு. 

'ஜெயா' இருந்தபடியே மலாயில் சிக்கல் தராது. 'ஜயா' என்று எழுதினால் இன்னும் நல்லது. மலாயிலும் இந்தோனேசியத்திலும் அதற்கு வெற்றி, செழிப்பு என்று பொருள். பெட்டாலிங் ஜயா என்று ஒரு நகரமே இருக்கிறது. பச்சை விளக்கு. ஆனால் இவ்வளவு நல்ல சொல்லை அங்கே ஏற்கெனவே பலர் வைத்திருப்பார்கள். உரிமைத் தேடலில் சிக்க வாய்ப்பு அதிகம்.

'மதி'தான் விழுகிறது. மலாயில் 'மாத்தி' என்றால் இறந்துபோன, செத்த என்று பொருள். அதைவிட மோசம், 'என்ஜின் மாத்தி' என்றால் இன்ஜின் நின்றுபோய்விட்டது என்று அங்கே தினசரிப் பேச்சு. நாம் 'எச்' சேர்த்து எழுதினாலும் மலாய்க்காரர் வாயில் ஏறக்குறைய அதுவாகவே வரும். அலங்காரப் பொருளுக்கு வைத்தால் ஒருவேளை தப்பலாம். இன்ஜின் பாகத்துக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடையாது. மலேசியத் தமிழர் நிலவு என்று படிப்பார். ஆனால் வாங்குவோரில் அவர் ஒரு பங்குதான். சிவப்பு விளக்கு.

கென்யாவுக்கு இந்த மூன்றில் ஆபத்து இல்லை. ஆனால் நம்மூரில் அதிகம் புழங்கும் ஒரு தொடக்கத்தை அங்கே தவிர்ப்பது நல்லது. 'குமா' என்பது சுவாஹிலியில் பெண்ணுறுப்பைக் குறிக்கும் வசை. குமார், குமரன் என்று முதலாளியின் பெயரையே பிராண்டாக வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் முதலில் அங்கே நான்கு பேரைக் கேட்டுவிட வேண்டும்.

வரிசை தவறினால் பணம் போகும்

இதையெல்லாம் எப்போது செய்வது? பதிவுக்குப் பணம் கட்டுவதற்கு முன். உள்நாட்டில் ட்ரேட்மார்க் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்குச் சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய் அரசுக் கட்டணம். வாகனங்களும் அவற்றின் பாகங்கள் பலவும் 12-ஆம் வகுப்பு. வாகன இன்ஜினும் அதில்தான். அந்த இன்ஜினுக்குள் போகும் பாகங்களோ பெரும்பாலும் 7-ஆம் வகுப்பில் வரும். அந்த விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து, இந்தியா 2013-ல் சேர்ந்த மாட்ரிட் முறையில் ஒரே மனுவால் பல நாடுகளைக் கேட்கலாம். மலேசியா 2019 இறுதியில் அதில் சேர்ந்தது. ஜெனீவாவுக்குக் கட்டும் அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைச் சின்னத்துக்கு 653 சுவிஸ் ஃபிராங்க், வண்ணச் சின்னத்துக்கு 903. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். ஒரு நாடு மறுத்துவிட்டால் கட்டிய பணம் கட்டியதுதான்.

பெயரை மாற்றவும் முடியாது. சர்வதேசப் பதிவுக்குப் போன பெயரில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அச்சு, பெட்டி, ஸ்டிக்கர், கேட்லாக், பாகத்தின் மேல் பெயர் பதிக்கும் டை எல்லாம் தயாராகியிருக்கும். டையை மாற்றுவதுதான் பல சமயம் பெரிய செலவு.

ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் ஓர் அறிகுறியைக் கவனிக்கலாம். அங்கத்திய டீலர் ஆர்டர் போடும்போது உங்கள் பிராண்டின் பெயரை எழுதாமல் பார்ட் நம்பரை மட்டும் எழுதுகிறாரா? 'நீலப் பெட்டி' என்று நிறத்தைச் சொல்கிறாரா? ஷோகேஸில் பெயர் தெரியாதபடி பெட்டியைத் திருப்பி வைக்கிறாரா? காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் நேரில் போகும்போது கடைப்பையனிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். முதலாளி சொல்லக் கூசுவதை அவன் சொல்லிவிடுவான்.

கெட்ட அர்த்தம் இருப்பது தெரிந்தால் எல்லா நாட்டிலும் பெயரைத் தூக்கிப்போட வேண்டாம். கொச்சை அர்த்தத்துக்காக ஹூண்டாய் கோனாவின் பெயரைப் போர்ச்சுகலில் மட்டும் மாற்றியது. ஒரகடத்தில் செய்யும் டெய்ம்லர் லாரி இந்தியாவில் 'பாரத்பென்ஸ்' என்றும் வெளிநாடுகளில் 'ஃபூசோ' என்றும் போகிறது; அங்கே காரணம் வேறு, ஆனால் ஒரே ஆலையிலிருந்து இரண்டு பெயரில் பொருள் போவது இந்தத் தடத்துக்குப் புதிதில்லை. பெரிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும். இரண்டு விதப் பெட்டி, இரண்டு கேட்லாக், இரண்டு பதிவு என்பது சிறு நிறுவனத்துக்குச் சுமை. அதனால்தான் சிறியவர்கள் தொடக்கத்திலேயே எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே பெயராகத் தேட வேண்டும்.

அடுத்த ஏற்றுமதிக் கண்காட்சிக்கு ஸ்டால் பதிவு செய்யும் முன், உங்கள் பெட்டியைப் படம் எடுத்து, போகப் போகிற நாட்டில் ஐந்து பேருக்கு அனுப்பி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போது அவர் சிரித்தால், ஏன் என்று கேளுங்கள். பதில் வரும் வரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.